பங்குப் பணத்தில் ஓடும் வீட்டில் மாதக் கணக்கு உட்காருவது எப்படி

கேள்வி: "பாம்பன் பக்கம் இருக்கோம். அவர் விசைப்படகுல பங்குக்குப் போறார், நான் கருவாட்டு வியாபாரம். மாசத்துக்கு ஒரு நாள் ரெண்டு பேரும் உக்காந்து பணக் கணக்குப் பேசணும்னு முடிவு பண்ணோம். ரெண்டு மாசமா உக்காந்தோம், ரெண்டும் சண்டையில முடிஞ்சது. எதை முதல்ல பேசணும், எதைப் பேசக் கூடாது?"

முதலில் நாளைச் சரி செய்யுங்கள். இராமேசுவரம், பாம்பன் பக்கம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் போகின்றன. புதன் போன படகு வியாழன் காலை கரை சேர்ந்து பங்கும் பிரித்தாகிவிடும். வெள்ளிக்கிழமை மாலை அவர் தூங்கி எழுந்திருப்பார், அடுத்த பாட்டுக்கு, அதாவது அடுத்த முறை கடலுக்குப் போக, இன்னும் ஓர் இரவு இருக்கும், பங்குக் கணக்கு எழுதிய சிட்டையும் கையில் இருக்கும். மாதத்தின் முதல் வெள்ளி மாலை, பிள்ளைகள் டியூஷனில் இருக்கும் நேரமாகப் பார்த்து முக்கால் மணி நேரம் போதும். உங்கள் துறையில் முறை வேறு என்றால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பங்கு பிரித்த அன்றைக்கே மட்டும் உட்காராதீர்கள். மீன்பாடு நன்றாக இருந்த நாளில் கை தாராளமாக முடிவெடுக்கும். டீசலும் ஐஸும் போக ஒன்றும் மிஞ்சாத நாளில் வாயைத் திறந்தாலே குற்றச்சாட்டாகக் கேட்கும்.

இரண்டாவது, நீங்கள் எதைப் பேச உட்கார்ந்தீர்கள் என்பது. பெரும்பாலான வீடுகளில் "இந்த மாசம் எவ்வளவு வந்துச்சு, எங்க போச்சு" என்றுதான் தொடங்குகிறார்கள். மாதச் சம்பள வீட்டுக்கு அது சரி. பங்குப் பணத்தில் ஓடும் வீட்டுக்கு அந்தக் கேள்வியிலேயே சண்டை இருக்கிறது. ஏனென்றால் வரவு யார் கையிலும் இல்லை. காற்று எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை அனுமதி டோக்கன் தராது, வேலைநிறுத்தம் என்றால் படகு நிற்கும். ஒருவரால் கட்டுப்படுத்த முடியாத எண்ணை முதலில் மேசையில் வைத்தால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார். ஆகவே பேச்சின் வரிசை இப்படி இருக்கட்டும்: கையில் இப்போது இருக்கும் ரொக்கம், அதன் பிறகு கடன்கள், அதன் பிறகு மீன்பிடித் தடைக்காலத்துக்குச் சேர வேண்டிய தொகை, கடைசியாக வரும் மாதத்துக்கு ஒரே ஒரு முடிவு. போன மாதம் எப்படிப் போனது என்பதற்குத் தனியாக ஓர் இடமே வேண்டாம். அது ரொக்கக் கணக்கிலேயே வந்துவிடும்.

இதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அவர் கரைக்கு வந்த நாளெல்லாம் தேதியும் கைக்கு வந்த பங்கும் ஒரு வரி. உங்கள் பக்கத்தில் கருவாடு விற்ற நாளின் மிச்சம் ஒரு வரி. கருவாட்டில் விற்ற தொகையை எழுதக் கூடாது. மீன் வாங்கின பணம், உப்பு, பஸ் அல்லது ஆட்டோ, சந்தைக் குத்தகை எல்லாம் கழித்து மிஞ்சியதுதான் வீட்டு வரவு. இதைக் கலந்து எழுதினால் உங்கள் வியாபாரம் வீட்டுக்கு நிறையக் கொடுப்பதாகத் தெரியும். ஆனால் அடுத்த கூடை மீன் வாங்கக் கையில் பணம் இருக்காது, மகளிர் குழுவில் கடன் எடுப்பீர்கள். வியாபார முதல் பணத்தை வேறு சுருக்குப்பையில் வைப்பதுதான் இதற்கு உள்ள எளிய வழி.

இப்போது ஓர் உதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குப் புரிவதற்காகப் போட்டவை, உங்கள் எண்களை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் முதல் வெள்ளி உட்காருகிறார்கள். ஜூலையில் பதினொரு பாடு, மொத்தப் பங்கு 17,400 ரூபாய். கருவாட்டில் மிஞ்சியது 4,600, மகளிர் உரிமைத் தொகை 1,000. ஆக 23,000. ஜூன் முடிவில் கையில் இருந்தது 3,200. அப்படியானால் மாதம் முழுக்கக் கைக்கு வந்தது 26,200. எழுதி வைத்த செலவு: வீட்டுச் செலவு, அதாவது அரிசி பருப்பிலிருந்து கேஸ், கரண்ட், பிள்ளைகள் வரை 10,200, கடன் தவணைகள் 6,300, அவர் கைச்செலவு 2,000, அவள் கைச்செலவு 600, ஆஸ்பத்திரியும் மொய்யும் 800. மொத்தம் 19,900. மீதி 6,300 இருக்க வேண்டும். அலமாரி, அவர் சட்டைப் பை, வங்கிக் கணக்கு, ஜிபே எல்லாவற்றையும் எண்ணினால் 5,100 இருக்கிறது. 1,200 ரூபாய் காணவில்லை.

உங்கள் இரண்டு சண்டைகளும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வெடித்திருக்கும். "ஆயிரத்தி இருநூறு எங்க போச்சு?" என்று ஒருவர் கேட்டால் மற்றவருக்கு உண்மையிலேயே பதில் தெரியாது. தெரியாததைத் திருடியதாகக் கேட்பது போல அது காதில் விழும். ஆகவே இங்கே ஒரு கட்டாய வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் "எழுதாதது 1,200" என்று ஒரு வரி எழுதி, வாய்விட்டு ஒருவர் படித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போக வேண்டும். யாரும் அதை விளக்கக் கூடாது, விளக்கம் கேட்கவும் கூடாது. ஒரு மாத எண்ணில் ஒன்றும் தெரியாது, மூன்று மாதம் வரிசையாக வந்த பிறகுதான் அது பேசும். மூன்று மாதமும் ஆயிரத்தை ஒட்டியே வந்தால் அது பெயர் வைக்காத வழக்கமான செலவு: துறையில் டீயும் வடையும், பிள்ளைகளின் தின்பண்டம், போன் ரீசார்ஜ். அதற்கு ஒரு பெயரும் ஒரு தொகையும் கொடுத்தால் மறைந்துவிடும். ஒரு மாதம் 300, அடுத்த மாதம் 4,000 என்று குதித்தால் வேறு சங்கதி. யாருக்கோ கைமாற்றுக் கொடுத்தது, வாங்கிய கைமாற்றைத் திருப்பியது, அல்லது சொல்லாத ஒரு தவணை. அதற்கான இடம் கடன் பகுதி.

இந்தப் பகுதியில் "ஏன்" என்ற சொல்லை ஒதுக்கி வைப்பது நல்லது. "எவ்வளவு", "எந்தத் தேதி", "யாருக்கு" என்ற மூன்று கேள்விகள் போதும். "ஏன் அவனுக்குக் கொடுத்தீங்க" என்றால் பதில் ஒரு கதையாக வரும், கதைக்குப் பதிலாக இன்னொரு பழைய கதை வரும். "யாருக்கு, எவ்வளவு, எப்போ திரும்பி வரும்" என்றால் பதில் நோட்டில் எழுதும்படியாக வரும். கேட்பவர் எண்ணத்தில் கோபம் இருந்தாலும் கேள்வி எண்ணைக் கேட்கிறது, அவ்வளவுதான் வேண்டும். நோட்டைப் படிப்பவர், பணத்தை எண்ணுபவர் என்று இரண்டு வேலைகளை மாதம் மாறி மாறிச் செய்யுங்கள். ஒருவரே படித்துக்கொண்டிருந்தால் மற்றவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல உட்கார்ந்திருப்பார்.

கைச்செலவைப் பற்றி ஒரு வார்த்தை. உதாரணத்தில் அவருக்கு 2,000, அவளுக்கு 600. இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் நோட்டில் இருக்க வேண்டும், அந்தப் பணத்துக்குள் எதற்குச் செலவானது என்று யாரும் கேட்கக் கூடாது. பெண்களின் கைச்செலவு பல வீடுகளில் நோட்டில் இருப்பதே இல்லை. வீட்டுச் செலவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதாகத்தான் நடக்கிறது. அதுவும் "எழுதாதது" வரியில் ஒரு பங்கு.

கடனுக்கு முதல் கூட்டத்தில் மட்டும் ஒரு தனி ஏற்பாடு தேவை. இருவரும் தனித்தனித் தாளில் தங்களுக்குத் தெரிந்த எல்லாக் கடனையும் எழுதி, தாளை மாற்றிக்கொள்ளுங்கள். அன்றைக்கு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. படித்துவிட்டு நோட்டில் சேர்த்து எழுதுவதோடு சரி, பேச்சு அடுத்த மாதம். இந்தக் கரையில் வழக்கமாக மறைந்திருப்பவை இரண்டு. ஒன்று, படகு முதலாளியிடம் வாங்கிய முன்பணம். வட்டி இல்லை என்பதால் ஆண்கள் அதைக் கடனாகவே எண்ணுவதில்லை. ஆனால் அதைத் தீர்க்காமல் வேறு படகுக்கு மாற முடியாது, ஆகவே அது கடன்தான். இன்னொன்று, பெண்கள் குழுவில் வேறொருவருக்காகத் தங்கள் பெயரில் எடுத்துக் கொடுத்த கடன். அந்தப் பெண் கட்டாவிட்டால் தவணை உங்கள் தலையில்தான் விழும்.

கடன் ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: யாரிடம், இன்னும் எவ்வளவு, மாதம் எவ்வளவு, எப்போது முடியும். வட்டியை எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலில் மாற்றாமல் எதை முதலில் அடைப்பது என்று பேசாதீர்கள். "நூத்துக்கு ரெண்டு" என்பது ஆண்டுக்கு 24 சதவீதம், "நூத்துக்கு மூணு" என்பது 36. தண்டல்காரரிடம் 10,000 என்று எழுதி 8,500 கையில் வாங்கி, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்டினால், வெறும் 1,500தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால் சராசரியாக உங்கள் கையில் இருப்பது பாதித் தொகைதான். ஆண்டுக் கணக்கில் அது நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். அதே வீட்டில் வங்கி நகைக்கடன் அதில் ஒரு சிறு பங்கு வட்டியில் ஓடிக்கொண்டிருக்கும், அதை மீட்கத்தான் அவசரப்படுவார்கள். நகை கண்ணுக்குத் தெரியும், வட்டி தெரியாது. நகைக்கடனில் வேறொரு சிக்கல் உண்டு. மாதா மாதம் யாரும் கேட்க மாட்டார்கள், ஆண்டு முடிவில் நோட்டீஸ் வரும்போதுதான் நினைவு வரும். அதனால் மாதம் ஒரு தொகையை வட்டிக்கென்று எடுத்து வையுங்கள்.

மொய்யையும் இங்கேயே சேர்க்கச் சொல்வேன். உங்கள் வீட்டு விசேஷத்தில் வாங்கிய மொய் திருப்பிச் செய்ய வேண்டியது, மொய் நோட்டு ஒரு கடன் நோட்டு. ஆவணியிலும் தையிலும் கல்யாணங்கள் நெருங்கி வரும்போது யார் வீட்டுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டால், "உன் பக்கத்து ஆளுக்கு அவ்வளவா" என்ற பேச்சு வராது.

அடுத்தது தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது என்பது முன்பே தெரிந்த தேதி. உங்கள் வரவில் எதுவும் நிச்சயமில்லை, இந்த இரண்டு மாதப் பள்ளம் ஒன்றுதான் நிச்சயம். ஆகவே மாதக் கூட்டத்தின் பெரிய வேலை இந்தப் பள்ளத்தை எவ்வளவு நிரப்பியிருக்கிறோம் என்று பார்ப்பதுதான் என்பது என் கணிப்பு.

உதாரண வீட்டுக்கே வருவோம். அவர்களின் 6,300 தவணையில் குழுக் கடன் 2,800, வண்டித் தவணை 2,500, நகைக்கடன் வட்டிக்கு எடுத்து வைப்பது 1,000. குழுக் கடன் பிப்ரவரியோடு முடிகிறது. ஆகவே தடைக்காலத்தில் மாதச் செலவு 10,200, 2,500, 1,000 சேர்ந்து 13,700. இரண்டு மாதத்துக்கு 27,400. நாட்டுப்படகுகள் அப்போதும் போவதால் மீன் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் விலை ஏறும், கருவாட்டு மிச்சம் குறையும். அதை மாதம் 2,500 என்றும், உரிமைத் தொகையை 1,000 என்றும் வைத்தால் இரண்டு மாதத்துக்கு 7,000 வரும். பள்ளம் 20,400. மார்ச்சில் குழுத் தவணை இல்லாததால் அந்த 2,800 அப்படியே பள்ளத்துக்குப் போகட்டும். மீதி 17,600. இருவர் கைச்செலவும், ஆஸ்பத்திரி, மொய்ச் செலவும் இதில் இல்லை. வலை வேலை, படகுப் பழுது வேலை என்று அவர் போனால் வரும் கூலியில் அவை ஓட வேண்டும்.

அரசின் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, வேண்டுமென்றேதான். அது வங்கிக்கு வரும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். தாமதமாக வரக்கூடிய பணத்தைத் தாமதமாக வரும் செலவோடு கட்டிவிடுங்கள். ஜூன் பள்ளித் திறப்பு தடை முடியும் நேரத்தில்தான் வருகிறது: சீருடை, நோட்டு, வேன் முன்பணம். நிவாரணத்தைப் பள்ளிக்கு என்று எழுதிவிட்டால், ஏப்ரல் மாத அரிசிக்கு அதை எதிர்பார்த்துக் கடைக்காரரிடம் கடன் சொல்ல வேண்டியிருக்காது.

இனி 17,600ஐ எட்டு மாதத்தில் சேர்ப்பது எப்படி? மாதம் 2,200 என்று வகுத்து வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் அது உடையும். மழையும் காற்றுமாகப் பாடு குறையும்போது 2,200 எடுக்க முடியாது, ஒரு மாதம் தவறியதும் "நான் அப்பவே சொன்னேன்" தொடங்கிவிடும். அதற்குப் பதில் பாட்டுக்கு ஒரு விதி வையுங்கள்: ஒரு பாட்டுப் பங்கில் 1,500க்கு மேல் வரும் தொகையில் பாதி தடைக்கால டப்பாவுக்கு. ஜூலையின் பதினொரு பங்கும் நோட்டில் இப்படி இருக்கின்றன: 900, 2,300, 1,600, 600, 1,400, 3,100, 1,200, 1,900, 800, 2,400, 1,200. ஐந்து நாள்தான் 1,500ஐத் தாண்டியிருக்கிறது. தாண்டிய தொகை 800, 100, 1,600, 400, 900, மொத்தம் 3,800. அதில் பாதி 1,900. ஜூலையில் வரவு 23,000க்கும் போனது 21,100க்கும் (எழுதாததையும் சேர்த்து) உள்ள வித்தியாசமும் அதே 1,900தான், ஆகவே இந்த விதி அந்த வீட்டால் தாங்கக்கூடியது. உங்கள் நோட்டில் இந்த இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் விதி வைக்காதீர்கள். டப்பாவுக்குப் போவது மிச்சத்தைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டே வாரத்தில் டப்பாவிலிருந்து எடுப்பீர்கள். அப்போது வரம்பை 1,500இலிருந்து 2,000ஆக உயர்த்துங்கள்.

பாடு நன்றாக இருந்தால் அதிகம் போகும், மோசமாக இருந்தால் ஒன்றும் போகாது, யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கரையில் பங்கு வாங்கிய கையோடு எடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்து எடுத்தால் நடக்காது. டப்பா என்று சொன்னாலும் ரொக்கமாக வீட்டில் வைக்காமல், ஏடிஎம் கார்டு இல்லாத ஓர் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் வாரத்துக்கு ஒரு முறை போடுவது நல்லது.

எட்டு மாதத்துக்கு 1,900 வீதம் 15,200. தேவை 17,600. குறை 2,400, அதாவது மாதம் 300. அந்த மாதத்தின் ஒரே முடிவு இதுதான்: "எழுதாதது" வரியிலிருந்து 300ஐப் பிடிப்பது. உதாரணமாகத் துறையில் காலை டீயை அவர் கைச்செலவுக்குள்ளும், பிள்ளைகளின் தின்பண்டத்தை வீட்டுச் செலவுக்குள்ளும் எழுதத் தொடங்குவது. இதற்கு மேல் இன்னொரு முடிவு எடுக்காதீர்கள். மூன்று முடிவு எடுத்த வீட்டில் அடுத்த மாதம் மூன்றும் நடந்திருக்காது, யாரால் நடக்கவில்லை என்பதே பேச்சாக இருக்கும்.

ஜூலை தடை முடிந்த பிறகான நல்ல மாதம், பாடு கூடுதலாக இருக்கும். அதனால் 15,200 என்பது நம்பிக்கையான எண். நவம்பர் கூட்டத்தில் டப்பாவில் உண்மையில் இருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி வகுக்க வேண்டும். ஜனவரிக்குள் தேவையில் பாதி சேரவில்லை என்றால் டப்பாவைக் கசக்கிப் பயனில்லை. வண்டித் தவணையைத் தடைக்காலத்துக்கு முன்பே பேசித் தள்ளி வைப்பதா, நகையை முன்கூட்டிக் குறைந்த வட்டியில் வைப்பதா என்று அப்போதே யோசிக்கலாம். ஏப்ரல் 20இல் யோசித்தால் தண்டல்காரர்தான் கிடைப்பார்.

இந்த முறையால் ஆகாத இடமும் உண்டு. பல மாதம் தொடர்ந்து எண்ணியும் செலவு வரவைவிடக் கூடுதலாகவே இருந்தால் அது பேச்சால் தீராது. வரவைக் கூட்டவோ, ஒரு கடனை முழுதாக மாற்றவோ வேண்டும், அதற்கு உங்கள் எண்களைப் பார்க்க வேண்டும். குடியால் பங்கு வீட்டுக்கே வராமல் போகிற வீட்டிலும், கணக்குக் கேட்டால் அடி விழும் வீட்டிலும் நோட்டை விரித்து உட்காரச் சொல்ல மாட்டேன். அங்கே 181 மகளிர் உதவி எண்ணில்தான் தொடங்க வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் வீடு அப்படி இல்லை, இருவருமே உட்காரத் தயாராகத்தான் இருக்கிறீர்கள். வரும் வெள்ளி ரொக்கத்தை எண்ணுவதும் கடன் தாளை மாற்றிக்கொள்வதும் மட்டும் செய்து எழுந்துவிடுங்கள். தடைக்காலக் கணக்கு அடுத்த மாதத்துக்கு இருக்கட்டும்.